இரு கோடுகளை அல்லது இரு வட்டங்களைத் தொடும் வட்டமும் வில்லும் வரைதல்

இரண்டு கோடுகளையோ இரண்டு வட்டங்களையோ தொட்டுக்கொண்டு நிற்கும், குறித்த ஆரம் கொண்ட ஒரு வட்டத்தை வரைவது பொறியியல் வரைபடத்தில் அடிக்கடி வரும் வேலை. ஒரு கோட்டையும் ஒரு வட்டத்தையும் தொடுமாறு வரைய வேண்டியும் வரும். நெம்புகோல், கொக்கி, இணைப்புத் தகடு, மூடியின் விளிம்பு என்று எதை எடுத்தாலும் அதன் வெளிக்கோடு நேர்கோடுகளும் விற்களும் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு சேர்வதாகவே இருக்கும். ஆட்டோகேட் மென்பொருளில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, `CIRCLE` கட்டளையில் வரும் `Ttr` என்னும் தேர்வு; இதைத் தமிழில் தொடு-தொடு-ஆரம் எனலாம். மற்றொன்று `FILLET` கட்டளை.

இரண்டும் பயன்படுத்த எளிதானவை. இரண்டு பொருள்களைச் சொடுக்கி ஆரத்தைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் சில வேளைகளில் வட்டம் நாம் நினைத்த இடத்தில் வராமல் வேறெங்கோ வந்து நிற்கும். சில வேளைகளில் வட்டமே வராது. `Circle does not exist.` என்ற வரி மட்டும் வரும். புதிதாகக் கற்பவர்கள் இதை மென்பொருளின் கோளாறு என்று எண்ணி, வேறு வேறு இடங்களில் சொடுக்கிப் பார்ப்பார்கள். அல்லது கண்ணளவில் ஒரு வில்லை வரைந்து ஒட்டவைத்துவிடுவார்கள். அப்படி ஒட்டவைத்த வில் திரையில் சரியாகத்தான் தெரியும். அந்த வரைபடத்தைக் கொண்டு தகட்டை வெட்டும்போதுதான் சேருமிடத்தில் ஒரு சிறிய முனை தட்டுப்படும். இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் விடை ஒரே கேள்வியில் இருக்கிறது: நமக்கு வேண்டிய வட்டத்தின் மையம் எங்கே இருக்க முடியும்?

மையம் இருக்கும் இடம்

ஒரு கோட்டைத் தொடும் வட்டத்தின் மையம், அந்தக் கோட்டிலிருந்து சரியாக ஓர் ஆரத் தொலைவில் இருக்கும். 10 மி.மீ. ஆரமுள்ள வட்டம் என்றால், கோட்டின் இரு பக்கமும் 10 மி.மீ. தள்ளி வரையப்படும் இரண்டு இணைகோடுகளில் ஏதேனும் ஒன்றின்மேல்தான் மையம் இருக்க முடியும். இரண்டாவது கோட்டுக்கும் இதே விதிதான். ஆகவே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகளுக்கு மொத்தம் நான்கு இணைகோடுகள் கிடைக்கும். அவை நான்கு இடங்களில் வெட்டிக்கொள்ளும். அந்த நான்கு வெட்டுப்புள்ளிகளும் நான்கு வட்டங்களின் மையங்கள். கோடுகள் உண்டாக்கும் நான்கு மூலைகளில் மூலைக்கு ஒரு வட்டம்.

வரைபலகையில் வேலை செய்தவர்கள் இதைக் கையாலேயே செய்தார்கள். இரு கோடுகளுக்கும் இணைகோடு இழுத்து, வெட்டும் இடத்தில் கவராயத்தின் முள்ளை ஊன்றி, வில்லைப் போட்டார்கள். ஆட்டோகேட் அதே வேலையைக் கணக்கிட்டுச் செய்கிறது. இணைகோடுகளை மட்டும் அது நமக்குக் காட்டுவதில்லை.

வட்டத்தைத் தொடும் வட்டத்துக்கும் இதே போன்ற ஒரு விதி உண்டு. ஆனால் இங்கே தொடுவதில் இரண்டு வகை இருக்கிறது. இரண்டு வட்டங்கள் ஒன்றுக்கொன்று வெளியே நின்று தொட்டால், அவற்றின் மையங்களுக்கு இடையிலான தொலைவு இரு ஆரங்களின் கூட்டுத்தொகை. ஒன்று மற்றதைத் தனக்குள் அடக்கிக்கொண்டு தொட்டால், அந்தத் தொலைவு இரு ஆரங்களின் வேறுபாடு. முதலாவதை வெளித்தொடுகை என்றும் இரண்டாவதை உள்தொடுகை என்றும் சொல்வோம். `Ttr` தேர்வில் வரும் எதிர்பாராத விடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் மாறிப்போவதால் வருபவை.

ஒரு தகட்டை வரைந்து பார்ப்போம்

இரண்டு துளைகள் உள்ள ஓர் இணைப்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் 25 மி.மீ. ஆரமுள்ள பெரிய வட்டம். அதன் மையம் (0,0). வலப்பக்கம் 15 மி.மீ. ஆரமுள்ள சிறிய வட்டம்; அதன் மையம் (70,0). மேல்விளிம்பு உட்குழிந்த வில்லாக, 50 மி.மீ. ஆரத்தில் இரண்டு வட்டங்களையும் சேர்க்க வேண்டும். கீழ்விளிம்பு வெளியே புடைத்த வில்லாக, 90 மி.மீ. ஆரத்தில் சேர்க்க வேண்டும். துளைகளைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம். முதலிலேயே போட்டுவிட்டால் சொடுக்கும்போது வெளிவட்டத்துக்குப் பதிலாகத் துளை மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மேல்விளிம்பை முதலில் பார்ப்போம். உட்குழிந்த வில் என்றால், அதன் மையம் தகட்டுக்கு வெளியே, மேலே இருக்கிறது. அந்த வில்லுக்குரிய முழு வட்டம் இரண்டு வட்டங்களையும் வெளியிலிருந்து தொடுகிறது. ஆகவே அதன் மையம் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து 25 + 50 = 75 மி.மீ. தொலைவிலும், சிறிய வட்டத்தின் மையத்திலிருந்து 15 + 50 = 65 மி.மீ. தொலைவிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் புள்ளி (45,60). 45, 60 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 5625. அது 75-இன் வர்க்கம். மறுபக்கம் கிடைத்தள வேறுபாடு 25, உயரம் 60. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4225, அது 65-இன் வர்க்கம். x அச்சுக்குக் கீழே (45,−60) என்ற புள்ளியும் இதே நிபந்தனைக்குப் பொருந்தும். நமக்கு வேண்டியது மேலே உள்ளது.

இரண்டு வட்டங்கள் தொடும் புள்ளி எப்போதும் அவற்றின் மையங்களைச் சேர்க்கும் கோட்டின்மேல்தான் இருக்கும். எனவே (0,0)-இலிருந்து (45,60) நோக்கி 25 மி.மீ. சென்றால் தொடுபுள்ளி கிடைக்கும். மொத்தத் தொலைவு 75 என்பதால் இது மூன்றில் ஒரு பங்கு, அதாவது (15,20). சிறிய வட்டத்தில் தொடுபுள்ளி ஏறக்குறைய (64.2, 13.8). இந்த எண்களைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டுதான் வரைய வேண்டும் என்பதில்லை. ஆனால் தொடுபுள்ளி வட்டத்தின் எந்தப் பக்கத்தில் விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே சொடுக்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இனி கட்டளை:

```
Command: CIRCLE
Specify center point for circle or [3P/2P/Ttr (tan tan radius)]: T
Specify point on object for first tangent of circle:
Specify point on object for second tangent of circle:
Specify radius of circle: 50
```

முதல் தொடுபுள்ளியைக் கேட்கும்போது, பெரிய வட்டத்தின் மேற்பகுதியில், சிறிய வட்டத்தைப் பார்த்த பக்கமாகச் சொடுக்க வேண்டும். இரண்டாவதற்கு, சிறிய வட்டத்தின் மேற்பகுதியில், பெரிய வட்டத்தைப் பார்த்த பக்கமாகச் சொடுக்க வேண்டும். புள்ளிக்குப் புள்ளி சரியாகச் சொடுக்க வேண்டிய தேவை இல்லை. நாம் காட்டுவது ஏறக்குறைய எந்த இடம் என்பதை மட்டுமே. மிகச் சரியான தொடுபுள்ளியை மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும். பல வட்டங்கள் பொருந்தக்கூடிய நிலையில், எந்த வட்டத்தின் தொடுபுள்ளிகள் நாம் சொடுக்கிய இடங்களுக்கு மிக அருகில் இருக்கின்றனவோ, அந்த வட்டத்தையே ஆட்டோகேட் வரைகிறது.

எத்தனை வட்டங்கள் பொருந்தும்?

நம் தகட்டில் 50 மி.மீ. ஆரத்துக்கு ஆறு வட்டங்கள் பொருந்தும். இரண்டையும் வெளியிலிருந்து தொடுபவை இரண்டு: ஒன்று மேலே, ஒன்று கீழே. பெரிய வட்டத்தை உள்ளடக்கிக்கொண்டு சிறிய வட்டத்தை வெளியிலிருந்து தொடுபவை இரண்டு. சிறிய வட்டத்தை உள்ளடக்கிக்கொண்டு பெரிய வட்டத்தை வெளியிலிருந்து தொடுபவை இரண்டு. இரண்டு வட்டங்களையும் ஒருசேர உள்ளடக்கும் வட்டம் மட்டும் 50 மி.மீ. ஆரத்தில் இல்லை. காரணம் எளிது. தகட்டின் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை அளந்தால் 25 + 70 + 15 = 110 மி.மீ. இரண்டையும் உள்ளடக்கும் வட்டத்தின் விட்டம் குறைந்தது அவ்வளவாவது இருக்க வேண்டும். அதாவது ஆரம் குறைந்தது 55 மி.மீ.

இன்னொரு எல்லை கீழ்ப்பக்கம் இருக்கிறது. இரண்டு வட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி 70 − 25 − 15 = 30 மி.மீ. இந்த இடைவெளியில் செருகினாற்போல் நிற்கும் வட்டத்தின் ஆரம் 15. அதைவிடச் சிறிய வட்டம் ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கத்தை எட்டாது. ஆகவே 14 மி.மீ. என்று கொடுத்தால், எங்கே சொடுக்கினாலும் `Circle does not exist.` என்றுதான் வரும். ஆட்டோகேட் இங்கே சொல்வது உண்மை: அப்படி ஒரு வட்டம் இல்லவே இல்லை. இந்த வரியைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது இடைவெளியை அளப்பது. அடுத்து, வரைபடத்தில் கொடுத்திருப்பது ஆரமா விட்டமா என்று மறுபடி பார்ப்பது. விட்டத்தின் இடத்தில் ஆரத்தையும் ஆரத்தின் இடத்தில் விட்டத்தையும் கொடுப்பது மாணவர்களின் தாள்களில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது.

கீழ்விளிம்பு: தவறு நிகழும் இடம்

கீழ்விளிம்பு வெளியே புடைத்த வில். அதன் முழு வட்டம் இரண்டு வட்டங்களையும் தனக்குள் அடக்கிக்கொள்கிறது. இப்போது கூட்டல் இல்லை, கழித்தல். 90 − 25 = 65, 90 − 15 = 75. அதாவது மையம் பெரிய வட்டத்தின் மையத்திலிருந்து 65 மி.மீ., சிறிய வட்டத்தின் மையத்திலிருந்து 75 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். அந்தப் புள்ளி (25,60). கீழ்விளிம்பு வில்லின் மையம் மேலே இருப்பது முதலில் விந்தையாகத் தோன்றலாம். கீழ்நோக்கிப் புடைத்திருக்கும் வில்லின் மையம் மேலே இருப்பதுதான் இயல்பு. இந்த வட்டம் (25,−30) வரை இறங்குகிறது. தகட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி அது.

தொடுபுள்ளிகள் பெரிய வட்டத்தில் ஏறக்குறைய (−9.6, −23.1), சிறிய வட்டத்தில் (79, −12). இங்கே கவனிக்க வேண்டியது, இரண்டுமே வட்டங்களின் வெளிப்பக்கமாக, ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருக்கின்றன. மேல்விளிம்பிலோ தொடுபுள்ளிகள் ஒன்றையொன்று பார்த்த பக்கத்தில் இருந்தன. ஆகவே கீழ்விளிம்புக்குப் பெரிய வட்டத்தில் கீழ்-இடப் பகுதியிலும் சிறிய வட்டத்தில் கீழ்-வலப் பகுதியிலும் சொடுக்க வேண்டும்.

90 மி.மீ. ஆரத்துக்கு எட்டு வட்டங்களும் பொருந்துகின்றன என்பதால் இங்கே தவறு எளிதில் நேரும். இரண்டையும் வெளியிலிருந்து கீழ்ப்பக்கம் தொடும் 90 மி.மீ. வட்டம் ஒன்று உண்டு. அது பெரிய வட்டத்தைத் தொடும் இடம் ஏறக்குறைய (11.0, −22.4). நமக்கு வேண்டிய வட்டம் தொடும் இடம் (−9.6, −23.1). இரண்டுக்கும் நடுவே 20 மி.மீ. சொச்சம்தான் தொலைவு. வட்டத்தின் அடிப்புள்ளி இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. யாரேனும் வட்டத்தின் நேர் அடியில் சொடுக்கினால் புடைத்த வில்லுக்குப் பதிலாகக் குழிந்த வில் வந்து நிற்கக்கூடும். ஒரு வட்டத்தில் வெளிப்பக்கமும் மற்றதில் உட்பக்கமும் சொடுக்கினால் ஒன்றை விழுங்கி மற்றதை உரசும் கலப்பு வட்டம் வரும். அது திரையில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். புடைப்புக்குப் பதில் குழிவு வந்திருப்பதும் தெரியத்தான் செய்யும். ஆனால் பெரிய வரைபடத்தில் சிறிய மூலை ஒன்றில் நடந்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். நடுப்புள்ளியை விட்டு நன்றாகத் தள்ளி, வேண்டிய பக்கத்தில் சொடுக்குவதே இதற்கு மருந்து.

கிடைத்தது வேண்டிய வட்டம்தானா என்று அறிய `LIST` கட்டளை போதும். வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் மையத்தின் ஆயத்தொலைவுகளும் ஆரமும் எழுத்தில் வரும். மேல்விளிம்புக்கு 45, 60 என்றும் கீழ்விளிம்புக்கு 25, 60 என்றும் வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் எண்கள் முழு எண்களாக அமையும்படி அளவுகளைத் தேர்ந்திருக்கிறோம். மற்ற தகடுகளில் `DIST` கட்டளையால் மையத்துக்கு மையம் அளந்து, அது ஆரங்களின் கூட்டுத்தொகையா வேறுபாடா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வட்டத்திலிருந்து வில்லுக்கு

`ARC` கட்டளையில் தொடு-தொடு-ஆரம் என்ற தேர்வு இல்லை. ஆகவே முழு வட்டத்தை வரைந்து, வேண்டாத பகுதியை `TRIM` கட்டளையால் வெட்டித்தான் வில்லைப் பெற வேண்டும். முதலில் 50 மி.மீ. வட்டத்திலும் 90 மி.மீ. வட்டத்திலும் விளிம்பாக அமையாத பெரும்பகுதியை வெட்டுகிறோம். பிறகு இரண்டு முனை வட்டங்களிலும் தகட்டுக்கு உள்ளே விழும் பகுதியை வெட்டுகிறோம். மிஞ்சுவது நான்கு விற்கள் கொண்ட ஒரு மூடிய வெளிக்கோடு. இந்த வரிசையை மாற்றி, முனை வட்டங்களை முதலிலேயே வெட்டிவிட்டால், அடுத்த தொடுவட்டத்தை வரையும்போது சொடுக்க வேண்டிய பகுதி காணாமல் போயிருக்கலாம். தொடுவட்டங்களை எல்லாம் வரைந்து முடித்த பிறகு வெட்டுவதே நல்லது.

ஃபில்லெட்

`FILLET` கட்டளை இதே மையத்தைத்தான் தேடுகிறது. ஆனால் வட்டத்தை வரையாமல் நேராக வில்லை வரைகிறது. முதலில் ஆரத்தைக் கொடுக்க வேண்டும்:

```
Command: FILLET
Select first object or [Undo/Polyline/Radius/Trim/Multiple]: R
Specify fillet radius <0.0000>: 50
```

பின்பு பெரிய வட்டத்தையும் சிறிய வட்டத்தையும் முன்பு சொன்ன இடங்களிலேயே சொடுக்கினால் மேல்விளிம்பு வில் ஒரே அடியில் கிடைத்துவிடும். வட்டங்கள் வெட்டப்படாமல் முழுமையாகவே இருக்கும். வட்டங்களை `FILLET` வெட்டுவதில்லை. அந்த வேலையை `TRIM` கட்டளைக்கு விட வேண்டும். இரண்டு வட்டங்களுக்கு நடுவே குழிந்த விளிம்புக்கு `FILLET` விரைவானது. இரண்டையும் உள்ளடக்கும் புடைத்த விளிம்புக்கு `Ttr` தேர்வையே நம்ப வேண்டும். அதனால் நம் தகட்டில் மேல்விளிம்புக்கு `FILLET`, கீழ்விளிம்புக்கு `Ttr` என்று பிரித்துக்கொள்வது வசதி.

கோடுகளில் `FILLET` நடந்துகொள்ளும் விதம் வேறு. வில்லை வரைவதோடு, கோடுகள் நீண்டிருந்தால் தொடுபுள்ளி வரை வெட்டிவிடும்; எட்டாமல் இருந்தால் தொடுபுள்ளி வரை நீட்டிவிடும். ஒன்றையொன்று கடந்து செல்லும் கோடுகளில், நாம் சொடுக்கிய பகுதியே மிஞ்சும், மறுபகுதி போய்விடும். ஆகவே வேண்டிய பகுதியைச் சொடுக்க வேண்டும், வெட்ட வேண்டிய பகுதியை அல்ல. `TRIM` கட்டளைக்குப் பழகிய கை இங்கே தலைகீழாகச் சொடுக்கிவிடுவது உண்டு. கோடுகளை வெட்டாமல் வில் மட்டும் வேண்டுமென்றால் `Trim` தேர்வில் `No trim` என்று மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றியது அடுத்த முறைக்கும் அப்படியே இருக்கும், ஆரமும் அப்படித்தான். முந்தைய வேலையில் விட்ட ஆரத்தில் ஒரு மூலை வளைந்துவிடாமல் இருக்க, கட்டளை தொடங்கியதும் மேலே வரும் `Current settings` வரியை ஒரு முறை படித்துவிட வேண்டும்.

ஆரம் சுழியம் என்றால் வில் வராது. இரண்டு கோடுகளும் கூரிய மூலையாகச் சேரும். இரண்டாவது கோட்டைச் சொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலும் இதே விளைவுதான். கோடுகள் இணையாக இருந்தால், கொடுத்த ஆரத்தை `FILLET` பொருட்படுத்தாது. இரண்டுக்கும் இடையிலான தொலைவில் பாதியை ஆரமாகக் கொண்டு அரைவட்டம் போட்டுவிடும்; நீள்துளை வரைய இது நல்ல வழி. `Ttr` தேர்வு இணைகோடுகளுக்கு உதவாது. பாதித் தொலைவைத் தவிர வேறு எந்த ஆரத்திலும் இரண்டையும் தொடும் வட்டம் இல்லை. பாதித் தொலைவில் எண்ணற்ற வட்டங்கள் உண்டு. எதைத் தேர்வது?

இன்னொரு வேறுபாடும் நினைவில் இருக்க வேண்டும். `Ttr` தேர்வு கோட்டை முடிவில்லாத கோடாகவே எடுத்துக்கொள்கிறது. கோடு முடிந்துபோன இடத்துக்கு அப்பால், அதன் நீட்சியைத் தொடும் வட்டத்தையும் அது வரைந்துவிடும். அந்த வட்டம் தொடுவதாகத் தோன்றாமல் அந்தரத்தில் நிற்கும். கணக்குச் சரிதான், கோடுதான் எட்டவில்லை.

மூலையில் ஆரம் எவ்வளவு இடம் எடுக்கும்?

கோடுகளில் `FILLET` மறுத்துவிடும் இடங்கள் பெரும்பாலும் ஆரம் பெரிதாகிப்போன இடங்கள். மூலையிலிருந்து தொடுபுள்ளி வரை உள்ள தொலைவைக் கணக்கிட்டால் காரணம் தெரிந்துவிடும். ஆரம் r, மூலைக்கோணம் θ என்றால் அந்தத் தொலைவு r / tan(θ/2). செங்கோண மூலையில் இது ஆரத்துக்குச் சமம்: 10 மி.மீ. ஆரம் ஒவ்வொரு பக்கத்திலும் 10 மி.மீ. எடுத்துக்கொள்ளும். 120 பாகை மூலையில் அதே ஆரம் 5.77 மி.மீ. மட்டுமே எடுக்கும். 60 பாகை மூலையிலோ 17.32 மி.மீ. வேண்டும். மூலை கூர்மையாகக் கூர்மையாக, ஆரம் விழுங்கும் நீளம் விரைவாகக் கூடுகிறது.

பக்கம் 30 மி.மீ. கொண்ட ஒரு சமபக்க முக்கோணத் தகட்டின் மூன்று மூலைகளையும் 10 மி.மீ. ஆரத்தில் வளைக்கப் பார்ப்போம். தனித்தனிக் கோடுகளாக வரைந்திருந்தால் முதல் மூலை வளைந்துவிடும். அது இரண்டு பக்கங்களிலும் 17.32 மி.மீ. எடுத்துக்கொள்ள, மீதி 12.68 மி.மீ. அடுத்த மூலைக்கும் 17.32 வேண்டும், இடம் இல்லை. கட்டளை மறுத்துவிடும். முதல் மூலை வந்ததே, இரண்டாவது மட்டும் ஏன் வரவில்லை என்று திகைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு மூலைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்த முக்கோணத்தில் மூன்று மூலைகளுக்கும் பொதுவாகக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய ஆரம் 8.66 மி.மீ. அது முக்கோணத்தின் உள்வட்ட ஆரமே. அப்போது மூன்று விற்களும் ஒன்றாகிவிடும், தகடு வட்டமாகிவிடும்.

இந்தக் கணக்கு பட்டறையிலும் உதவும். அரவை இயந்திரத்தில் சுழலும் வெட்டுக்கருவி உருளை வடிவமானது என்பதால், உள்மூலையில் அதன் ஆரத்தைவிடச் சிறிய வளைவை அது வெட்ட முடியாது. 8 மி.மீ. விட்டக் கருவி என்றால் உள்மூலையின் ஆரம் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வரைபடத்தில் 3 என்று போட்டிருந்தால், தொடுகை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த மூலை வரைந்தபடி வராது.

வரைந்த பிறகு அளவு மாறினால்

`Ttr` வட்டமும் `FILLET` வில்லும் வரைந்த நொடியில் தொடுகின்றன. தொடுகையை அவை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நம் தகட்டில் துளைகளுக்கு இடையிலான தொலைவு 70-இலிருந்து 72 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறிய வட்டத்தை 2 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தினால் 50 மி.மீ. வில் இருந்த இடத்திலேயே நிற்கும். அது இருக்க வேண்டிய மையமோ (45,60)-இலிருந்து ஏறக்குறைய (45.7, 59.5)-க்கு மாறிவிட்டது. வில்லின் முனையை மட்டும் இழுத்து வட்டத்தில் ஒட்டவைத்தால், முனை சேரும், தொடுகை இராது. பழைய வில்லை அழித்துவிட்டு மறுபடி `FILLET` செய்வதே சரியான வழி. அளவுகள் அடிக்கடி மாறும் வரைபடமாக இருந்தால், ஆட்டோகேட் 2010 பதிப்பு முதல் உள்ள வடிவக் கட்டுப்பாடுகளில் ஒன்றான `GCTANGENT` கட்டளையை வில்லுக்கும் ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையே கொடுத்து வைக்கலாம். அதோடு வில்லின் ஆரத்தையும் அளவுக் கட்டுப்பாட்டால் 50 என்று பூட்டிவிட வேண்டும். ஆரத்தைப் பூட்டாமல் விட்டால், வட்டம் நகரும்போது தொடுகையைக் காப்பாற்றுவதற்காக வில் தன் ஆரத்தை மாற்றிக்கொண்டுவிடலாம்.